ஒரே பபுள், இரண்டு அளவு: கிரிட் 1 முதல் 3 வரை 7,240-ஆ, 7,170-ஆ?

கோடு_செல்வி

எல்லாருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில் மூன்று வருடமாக வரைபடம் போடுகிறேன். இப்போது கையில் இருப்பது தரைத்தளமும் மேலே ஒரு தளமும் உள்ள வீடு, மொத்தம் 12 தூண். வெளிச்சுவரின் வெளிமுகத்திலிருந்து எதிர் வெளிமுகம் வரை 7,470-க்கு 9,920 மில்லிமீட்டர். சுவர் 230.

ஆர்க்கிடெக்ட் படத்தில் கிரிட் 1, 2, 3 இடமிருந்து வலம். A, B, C, D கீழிருந்து மேல். 1-க்கும் 2-க்கும் நடுவில் 3,830, 2-க்கும் 3-க்கும் நடுவில் 3,410, மொத்தம் 7,240. இன்னொரு பக்கம் 3,230, 3,530, 2,930, மொத்தம் 9,690.

நேற்று ஸ்ட்ரக்சுரல் படம் வந்தது. கோட்டு நுனியில் அதே வட்ட பபுள், அதே எண், அதே எழுத்து. ஆனால் 1 முதல் 3 வரை 7,170 என்றும் A முதல் D வரை 9,540 என்றும் போட்டிருக்கிறது. தூண் அளவு எல்லாமே 300க்கு 380. ஒரு பக்கம் 70 குறைகிறது, இன்னொரு பக்கம் 150 குறைகிறது. எதை வைத்து மார்க் பண்ணச் சொல்வது?

இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. போன வருடம் வேறொரு வீட்டில் நான் போட்ட சென்டர் லைன் படத்தில் கிரிட் மட்டும்தான் இருந்தது. தூண் எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்று எழுதவில்லை. சைட்டில் நூல் குறுக்கிட்ட இடத்தையே தூணின் நடுவாக எடுத்துக்கொண்டார்கள். பிளிந்த் பீம் போட்டு, செங்கல் வைக்க நூல் கட்டியபோதுதான் மூலைத் தூண் சுவரைத் தாண்டி வெளியே 75 மில்லிமீட்டர் நிற்பது தெரிந்தது. அப்போது உடைக்க முடியாது. முன் பக்கம் முழுக்க அது தூக்கலாகவே நின்றுவிட்டது. இந்த முறை அப்படி ஆகக்கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். ஆட்டோகேடில் கிரிட் கோடு விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறது, முழுக் கோடாகவே தெரிகிறது. பபுள் பிரிண்டில் பட்டாணி அளவுக்கு வருகிறது. இதையும் யாராவது சொன்னால் நல்லது.

---

மாடல்_குமார்

நான் டிசைன் பண்ணுபவன். செல்வி, இதில் குழப்பமே இல்லை. கிரிட் என்பது தூணின் நடுவில்தான் போக வேண்டும். ETABS என்ற டிசைன் மென்பொருளில் மாடலுக்குக் கோடு வரைந்து, அந்தக் கோடு சேரும் இடத்தில் தூணை வைக்கிறோம். சுமை இறங்குவது நடுவில், ஃபுட்டிங் நடுவும் அதற்கு நேர் கீழே. சுவர் நடு எங்கே போகிறது என்பது கட்டடத்தைத் தாங்கும் எலும்புக்கூட்டுக்குச் சம்பந்தமில்லாதது. 7,170 தான் சரி. ஆர்க்கிடெக்ட் படத்தைத் திருத்தச் சொல்லுங்கள்.

முடிந்தால் 1-2, 2-3 இரண்டையும் சமமாக்கி விடுங்கள். பீம் கம்பி ஒரே மாதிரி வரும், சென்ட்ரிங் பலகையும் திரும்பப் பயன்படும்.

---

தூக்குக்குண்டு

24 வருடமாக சைட் பார்க்கிறேன். குமார் சொன்னதில் பாதி சரி. மாடலில் அவர் தூண் நடுவை எடுப்பது நியாயம்தான், ஃபுட்டிங் நடு தூண் நடுவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் கிரிட்டையே தூண் நடுவில் வைத்தால் என்ன ஆகும் என்று இந்த வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

செல்வி, முதலில் அந்த 70-உம் 150-உம் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். சுவர் 230, அதன் நடுக்கோடு வெளிமுகத்திலிருந்து 115 உள்ளே. தூண் 300 அகலம். வெளிமுகம் சுவரோடு ஒட்டி வர வேண்டும் என்றால், தூணின் வெளிமுகமும் கிரிட்டிலிருந்து 115 வெளியே இருக்கும், மீதி 185 உள்ளே வரும். அப்படியானால் தூணின் நடு கிரிட்டிலிருந்து 35 உள்ளே தள்ளியிருக்கிறது. கிரிட் 1-இல் 35, கிரிட் 3-இல் 35, மொத்தம் 70. 7,240-இல் 70 போனால் 7,170.

அடுத்த பக்கம் தூண் 380. வெளியே 115, உள்ளே 265. நடு 75 தள்ளியிருக்கிறது. A-யில் 75, D-யில் 75, மொத்தம் 150. 9,690-இல் 150 போனால் 9,540. ஆக இரண்டு படமும் ஒரே கட்டடத்தைத்தான் காட்டுகின்றன. ஒருவர் சுவர் நடுவை 1 என்கிறார், இன்னொருவர் தூண் நடுவை 1 என்கிறார். தவறு அளவில் இல்லை, ஒரே பெயரை இரண்டு கோட்டுக்கு வைத்ததில் இருக்கிறது. போன வருடம் உங்களுக்கு வந்த 75-உம் இதே கணக்காகத்தான் இருக்கும். அங்கேயும் தூண் 380 ஆழமா?

---

கோடு_செல்வி

ஆமாம் சார், அங்கேயும் 380 தான். 190-இல் 115 போனால் 75. இவ்வளவு நாள் மேஸ்திரி நூலைத் தவறாகக் கட்டிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நூல் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

---

தூக்குக்குண்டு

இப்போது குமார் சொன்னதற்கு வருகிறேன். மேல் தளத்தில் தூண் 300க்கு 300 என்று குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தள வீட்டில் பெரும்பாலும் குறைக்க மாட்டார்கள், ஆனால் குறைப்பவர்களும் உண்டு. வெளிமுகம் கீழிருந்து மேலே ஒரே நேராகப் போக வேண்டும், அதனால் குறைவது உள் பக்கம்தான். கீழே 115, 265 என்று இருந்தது மேலே 115, 185 என்று ஆகிறது. தூணின் நடு 40 மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது. கிரிட் தூண் நடுவில் இருந்தால், A என்ற கோடு தரைத்தளத்தில் ஓர் இடத்திலும் முதல் தளத்தில் வேறோர் இடத்திலும் இருக்கும். அதற்கு மேல் அந்தக் கோட்டை நம்பி எதையும் அளக்க முடியாது.

கிரிட் நகராத ஒன்றோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். செங்கல் சுவர் வீட்டில் நகராதது வெளிச்சுவர். அதன் நடுவில் கிரிட்டை வைத்துவிட்டு, ஒவ்வொரு தூணுக்கும் கிரிட்டிலிருந்து இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு என்று முகத்துக்கு அளவு கொடுத்துவிட வேண்டும். இரும்புத் தூண் வைத்த ஷெட் என்றால் குமார் வழிதான் என் வழியும். அங்கே தூணை ஒட்டி 230 சுவர் பெரும்பாலும் வராது, நடுக்கோடே போதும்.

---

மாடல்_குமார்

மேல் தளத்தில் தூண் குறையும் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் என் மாடலில் 7,240 போட்டால் பீம் நீளம் கொஞ்சம் கூடும், தூண் 35 தள்ளி நிற்பதும் கணக்கில் வராது. மாடலுக்கு என் கோடு வேண்டும்.

---

தூக்குக்குண்டு

மாடலுக்கு உங்கள் கோட்டையே வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. வெளியே அனுப்பும் படத்தில் மட்டும் அந்தக் கோட்டுக்கு 1, 2, 3 என்று பபுள் போடாதீர்கள். சைட்டுக்கு வரும் தாள் எதுவாக இருந்தாலும் 1 முதல் 3 வரை 7,240 என்றுதான் இருக்க வேண்டும்.

இரண்டு கிரிட்டுக்கு நடுவே உள்ள பே-யைச் சமமாக்குவது பற்றி: 7,240-ஐ இரண்டாகப் பிரித்தால் 3,620. செல்வி, ஹால் உள்ளளவு என்ன?

---

கோடு_செல்வி

ஹால் 3,600, படுக்கையறை 3,180. சமமாக்கினால் ஹால் 3,390 ஆகிவிடும். வீட்டுக்காரர் ஹாலைக் குறைக்க சம்மதிக்க மாட்டார் சார், ஏற்கெனவே சோபா அளவு வரை சொல்லிவிட்டார்.

---

தூக்குக்குண்டு

அப்படியானால் விட்டுவிடுங்கள். 3,830-உம் 3,410-உம் சின்ன வீட்டுக்கு இதமான பே தான். மூன்று மீட்டரிலிருந்து நாலரை மீட்டருக்குள் இருந்தால் பீம் ஆழமும் தடிமனும் கட்டுக்குள் நிற்கும். 2,930-ஐயும் மாற்றத் தேவையில்லை.

---

சொந்தவீடு_ராஜா

நான் இன்ஜினியர் இல்லை, வீடு கட்டி முடித்தவன். கட்டம் என்று பார்த்ததும் மனையடி பற்றிப் பேசுகிறீர்கள் என்று உள்ளே வந்தேன். எங்கள் வீட்டில் படுக்கையறை 11 அடி வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். படத்தில் 11 அடி என்றுதான் இருந்தது. குடிபோகும் முன் அளந்தால் 10 அடி 11 அங்குலம். பில்லர் போட்டவர் தப்பா, படம் போட்டவர் தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இந்த கிரிட் விஷயம்தானா அது?

---

தூக்குக்குண்டு

ராஜா சார், கேள்வி வேறு, ஆனால் கொஞ்சம் சம்பந்தம் உண்டு. 11 அடி என்பது 3,353 மில்லிமீட்டர். அதைச் செங்கல் முகத்துக்கும் செங்கல் முகத்துக்கும் நடுவே வைத்திருப்பார்கள். உள்பூச்சு பக்கத்துக்கு 12 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 24 போய்விடும், மீதி 3,329. அதுதான் உங்கள் 10 அடி 11 அங்குலம். பில்லர் போட்டவர் மேல் தப்பில்லை.

பூச்சுக்குப் பிறகு 11 அடி வேண்டும் என்று சொல்லியிருந்தால், செங்கலுக்குச் செங்கல் 3,377 வைத்து, இரண்டு பக்கமும் 115 சேர்த்து கிரிட்டுக்கு கிரிட் 3,607 போட்டிருப்பார்கள். செல்வி, உங்கள் வீட்டுக்காரரும் மனையடி பார்ப்பவரா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். பபுள் போட்டு இரண்டு அலுவலகத்துக்கும் படம் போன பிறகு 7 மில்லிமீட்டரை நகர்த்துவதுகூடப் பெரிய வேலை.

---

கோடு_செல்வி

கேட்டேன் சார், மனையடி பார்க்கவில்லை. ஆனால் இன்னொரு சந்தேகம். என் முதல் படத்தில் எல்லாச் சுவருக்கும் கிரிட் போட்டிருந்தேன், மொத்தம் ஐந்துக்கு ஆறு கோடு. B-க்கும் C-க்கும் நடுவில் கழிவறைக்கு 115 சுவர் ஒன்று வருகிறது. அதற்கும் ஒரு B' கொடுத்திருந்தேன். அதைப் பார்த்து டிசைன் அலுவலகத்தில் அந்தக் கோட்டிலும் ஒரு தூண் வைத்துவிட்டார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள் என்றாலும், சுவர் இருந்தால் கிரிட் வேண்டாமா?

---

தூக்குக்குண்டு

வேண்டாம். கிரிட் தூண் வரிசைக்கு, சுவருக்கு அல்ல. நீங்கள் கோடு போட்டு பபுளும் வைத்தால், பார்ப்பவர் அங்கே தூண் உண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார். அவர்கள் மேல் குற்றமில்லை.

அந்தத் தூண் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கழிவறை உள்ளளவு 1,200 என்று வைத்துக்கொண்டால், B-யிலிருந்து 115, அப்புறம் 1,200, அப்புறம் 115 சுவரின் பாதி 57.5. மொத்தம் 1,372.5. ஃபுட்டிங் 1,500 சதுரம் என்றால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று 127.5 ஏறுகிறது. அதற்காக இரண்டையும் சேர்த்து ஒரே ஃபுட்டிங்காகப் போட வேண்டியிருக்கும். ஒரு கழிவறைச் சுவருக்காக இவ்வளவு கான்கிரீட்டும் கம்பியும்.

அளவில் அரை மில்லிமீட்டர் வந்தாலே அந்தக் கோடு கிரிட் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். 115 சுவருக்கு நடுக்கோடு அளவு கொடுக்காமல் முகத்துக்குக் கொடுங்கள், B கிரிட்டிலிருந்து சுவரின் முதல் முகம் 1,315 என்று. கொத்தனார் நூல் பிடிப்பதும் முகத்துக்குத்தான்.

---

திருச்சி_லேயர்

செல்வியின் ஆட்டோகேட் கேள்விக்கு யாரும் வரவில்லையே. நான் சொல்கிறேன்.

கோடு முழுசாகத் தெரிவதற்குக் காரணம்: மில்லிமீட்டர் டெம்ப்ளேட்டில் வரும் `CENTER` கோட்டின் நீளத் துண்டு 31.75 மட்டும்தான். உங்கள் கோடு 10,000-க்கு மேல். திரையில் துண்டுகளெல்லாம் நெருங்கி ஒன்றாகத் தெரிகின்றன. கோடு விட்டுத்தான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. 1:100 தாளில் இந்த அமைப்பு எனக்கு நன்றாக வருகிறது:

```
PSLTSCALE 1
MSLTSCALE 1
LTSCALE 0.5
REGENALL
```

கீழே அனோடேஷன் ஸ்கேல் 1:100 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாளில் நீளத் துண்டு கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர் வரும், கண்ணுக்கு இதமாக இருக்கும்.

பபுள் சின்னதாக வருவதும் இதே கதைதான். மாடலில் என்ன விட்டம் போட்டீர்கள்? 300 என்றால் 1:100 தாளில் 3 மில்லிமீட்டர்தான் வரும். தாளில் 10 மில்லிமீட்டர் வேண்டும், எழுத்து 5. 1:100-க்கு மாடலில் 1,000 விட்டம் என்று கணக்கு. ஆனால் அதே படத்தை 1:50-லும் அச்சடிப்பீர்கள், அப்போது அதே பபுள் தாளில் 20 ஆகிவிடும். அதனால் பபுளை Annotative பிளாக்காக 10 விட்டத்தில் செய்துவிடுங்கள், எழுத்து `ATTDEF` வைத்து. எண்ணை மாற்ற டபுள் கிளிக் போதும்.

இதில் நான் நாலைந்து படம் கெட்ட பிறகு கற்றது ஒன்று. பிளாக்கின் பேஸ் பாயின்டை வட்டத்தின் நடுவில் வைக்காதீர்கள், கோடு வந்து தொடும் விளிம்பில் வையுங்கள். ஸ்கேல் மாறும்போது பிளாக் பேஸ் பாயின்டிலிருந்துதான் வளரும். நடுவில் வைத்தால் வட்டம் பெருத்து கோட்டின் நுனி எழுத்துக்குள் நுழைந்துவிடும். விளிம்பில் வைத்தால் வட்டம் வெளிப்பக்கமாக வளரும், கோடு தொட்ட இடத்திலேயே நிற்கும். மேலே வைக்கும் பபுளுக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு பிளாக் செய்துகொள்ளுங்கள். ஒன்றையே திருப்பினால் எழுத்தும் படுத்துவிடும்.

I, O இரண்டு எழுத்தையும் விட்டுவிடுவது வழக்கம், 1 என்றும் 0 என்றும் படிப்பார்கள். உங்களுக்கு D-யோடு முடிவதால் கவலையில்லை.

---

கோடு_செல்வி

300 தான் போட்டிருந்தேன்! லேயர் அண்ணா, மிக்க நன்றி, கோடு இப்போது அழகாக விட்டுவிட்டு வருகிறது. பபுளுக்கும் கட்டடத்துக்கும் நடுவில் அளவுக்கோடு எத்தனை வரிசை போடுவீர்கள்?

---

திருச்சி_லேயர்

கட்டடத்தை ஒட்டி ஜன்னல், கதவு அளவு. அடுத்து பே அளவு. அடுத்து மொத்தம், அதற்கும் வெளியே பபுள். சென்டர் லைன் படத்தில் ஜன்னல் வரிசை வேண்டாம், எடுத்துவிடுங்கள். எழுத்து மட்டும் மேலிருந்து கீழே A, B, C என்று போடுவதுதான் எனக்குப் பழக்கம், படிக்கும் வரிசை அதுதானே.

---

மாடல்_குமார்

கீழிருந்து மேல்தான் சரி. ஆரம்பப் புள்ளி இடது கீழ் மூலையில் இருந்தால் மாடலிலும் படத்திலும் அளவு ஒரே திசையில் கூடும்.

---

தூக்குக்குண்டு

இரண்டு விதமாகவும் படம் வந்து பார்த்திருக்கிறேன், கட்டியும் இருக்கிறேன். அந்த வேலையின் எல்லாத் தாளிலும் ஒரே திசையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

செல்வி, பே அளவு வரிசைக்குப் பக்கத்தில் A-யிலிருந்து தொடர் அளவும் போடுங்கள்: 0, 3,230, 6,760, 9,690. தனித்தனி பே அளவை மட்டும் கொடுத்தால், ஆட்கள் A-யிலிருந்து B அளந்து, B-யில் டேப்பைத் தூக்கி வைத்து C அளந்து, இப்படியே போவார்கள். ஒவ்வொரு முளையிலும் மூன்று நாலு மில்லிமீட்டர் விலகி, D-க்குப் போவதற்குள் பத்தைத் தாண்டிவிடும். தொடர் அளவு இருந்தால் டேப்பின் பூஜ்யம் A-யிலேயே கிடக்கும், மூன்று இடத்திலும் குறித்துவிடலாம்.

---

மேஸ்திரி_மகன்

எங்கள் அப்பா மேஸ்திரி, நான் டிப்ளமோ முடித்துவிட்டு அவரோடு சைட் பார்க்கிறேன். படம் எப்படி இருந்தாலும் நாங்கள் தூணுக்கு ஒரு பிளை அச்சு வெட்டிக்கொள்வோம், அதைச் சொல்கிறேன்.

12 மில்லிமீட்டர் பிளையில் நடுவே 300க்கு 380 ஓட்டை, சுற்றிலும் நாலு விரல் சட்டம். கிரிட் எங்கே போகுமோ அங்கே சட்டத்தின் நாலு பக்கத்திலும் ரம்பத்தால் ஒரு வெட்டு. செல்வி அக்காவின் மூலைத் தூணுக்கு ஓட்டையின் வெளிமுகத்திலிருந்து 115-இல் ஒரு வெட்டு, இரண்டு திசையிலும். காம்பவுண்டு சுவரில் ஆணி அடித்து நூல் கட்டியிருக்கும். தூக்குக்குண்டு விட்டு நூலைக் கீழே இறக்கி, நாலு வெட்டும் நூலுக்கு நேராக வரும்வரை அச்சை நகர்த்துவோம். வந்ததும் ஓட்டையைச் சுற்றிக் கோடு போட்டால் அதுதான் தூண். யாரும் 115 எந்தப் பக்கம், 185 எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஒரே அச்சு நாலு மூலைக்கும் போதும். A1-க்கு வைத்ததை அப்படியே பாதிச் சுற்று திருப்பினால் D3. A3-க்கும் D1-க்கும் பிளையைக் கவிழ்த்துப் போட வேண்டும். ரம்ப வெட்டு இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் கவிழ்த்தாலும் கோடு இருக்கும். பெயின்டால் குறித்தால் கவிழ்த்ததும் தெரியாது. "வெளி" என்று அம்புக்குறி மட்டும் இரண்டு முகத்திலும் எழுதிவிடுவோம்.

ஆனால் நடுத் தூணுக்கும் ஓரத் தூணுக்கும் அச்சு வேறு வேறு. அதற்கு படத்தில் ஒவ்வொரு தூணுக்கும் அளவு இருந்தால்தான் வெட்ட முடியும்.

---

தூக்குக்குண்டு

தம்பி சொன்னது அருமையான வழி. அச்சு வைக்கும் முன் மூலைவிட்டம் பார்த்துவிடுங்கள். 7,240-க்கும் 9,690-க்கும் மூலைவிட்டம் 12,096. A1-லிருந்து D3, A3-லிருந்து D1, இரண்டும் அதுவாக வர வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 24 வந்தால், மேல் வரிசை ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பக்க அளவு நாலும் சரியாக இருந்தும் இப்படி வரும், அதனால்தான் பக்கத்தை மட்டும் அளந்து திருப்திப்படக்கூடாது.

---

சொந்தவீடு_ராஜா

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் பில்லர் எல்லாம் 9 அங்குலம்தான், சுவரோடு மறைந்துவிட்டது. செல்வி அம்மா வீட்டில் மட்டும் ஏன் 12 அங்குலம்? 9 என்றால் இந்தத் தள்ளல் கணக்கே வராதே?

---

மாடல்_குமார்

IS 13920, 2016 பதிப்பில் தூணின் சின்னப் பக்கம் 300-க்குக் குறையக்கூடாது என்று இருக்கிறது. IS 1893, 2016 பதிப்பில் சென்னை மூன்றாம் நிலநடுக்க மண்டலம். அதனால் நான் 230 தூண் போடுவதில்லை.

---

தூக்குக்குண்டு

230 தூண் இன்றும் நிறையப் பேர் போடுகிறார்கள் என்பது உண்மை. எனக்குக் குமார் பக்கம்தான் சரியென்று படுகிறது. 230 போட்டாலும் ராஜா சார் சொல்வது முழுக்க வராது. ஒரு பக்கம் மறையும், ஆனால் நீளப் பக்கம் சுவரோடு ஓடாமல் குறுக்கே நின்றால் அங்கே தள்ளல் இருந்தே தீரும்.

செல்வி, B2-வையும் C2-வையும் கவனியுங்கள். நடுவில் வைத்தால் 150, 150. 230 சுவருக்கு இரண்டு பக்கமும் 35 துருத்தும், ஹாலில் கண்ணை உறுத்தும். ஹால் பக்கம் 115, படுக்கையறை பக்கம் 185 என்று தள்ளிவிட்டால் ஹால் சுவர் சமமாக இருக்கும். படுக்கையறையில் அந்த 70 அலமாரிக்குள் மறைந்துவிடும். ஆனால் இது உங்கள் முடிவு இல்லை, டிசைனரிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

---

மாடல்_குமார்

நானாக இருந்தால் இரண்டு தூணுக்கு மட்டும் அப்படிச் செய்ய யோசிப்பேன். A2, D2 நடுவில் இருக்க B2, C2 மட்டும் 35 விலகினால் கிரிட் 2-இல் பீம் எந்த முகத்தோடு ஒட்டிப் போகிறது என்று தெளிவாகக் காட்ட வேண்டும். தள்ளினால் நாலையும் ஒன்றாகத் தள்ளுங்கள்.

---

தூக்குக்குண்டு

A2-வைத் தள்ளினால் முகப்பில் ஜன்னல் ஓரம் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். படம் பார்க்காமல் நான் சொல்ல முடியாது.

---

கோடு_செல்வி

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

இரண்டு அலுவலகத்திலிருந்தும் 7,240, 9,690 கிரிட்டையே வைத்து படம் திரும்ப வந்துவிட்டது. தூண் அட்டவணையில் நாலு பத்தி சேர்த்தேன்: கிரிட்டுக்கு இடம், வலம், கீழ், மேல். A1-க்கு 115, 185, 115, 265. B1-க்கு 115, 185, 190, 190. இப்படி 12 தூணுக்கும். ஃபுட்டிங் நடுவும் கிரிட்டிலிருந்து எவ்வளவு என்று தனியாக எழுதிவிட்டேன், A1-க்கு 35, 75.

நேற்று மார்க்கிங். முதலில் மூலைவிட்டம் 12,102-உம் 12,090-உம் வந்தது. 12 வித்தியாசம். தூக்குக்குண்டு சார் கணக்குப்படி D வரிசை 10 மில்லிமீட்டர் சாய்ந்திருக்க வேண்டும் என்று சொன்னேன், D1, D3 ஆணியை 10 நகர்த்தி மறுபடி பிடித்ததும் இரண்டுமே 12,096-க்கு வந்துவிட்டன. பிளை அச்சு இரண்டு வெட்டினார்கள், மூலைக்கு ஒன்று, B1, C1, B3, C3-க்கு ஒன்று.

கிரிட் 2-இல் உள்ள நாலு தூணுக்கும் அச்சு இன்னும் வெட்டவில்லை. நாலையும் தள்ளினால் A2 பக்கம் ஜன்னல் 35 நகர வேண்டியிருக்கிறது, ஆர்க்கிடெக்ட் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அந்த நாலு குழியை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மற்ற எட்டுக்கும் இன்று தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.